கட்டளைப் பொறுப்பு: வைவாவில் 28-ஆம் பிரிவுக்கு அப்புறம் வரும் கேள்விகள்

கேள்வி: எல்.எல்.எம். படிக்கிறேன், சர்வதேசக் குற்றவியல் சட்டம் என் தாள். வைவாவில் கட்டளைப் பொறுப்பு என்று கேட்டால் ரோம் சாசனத்தின் 28-ஆம் பிரிவை அப்படியே சொல்லிவிடுவேன். ஆனால் அதற்கு மேல் ஒரு துணைக்கேள்வி வந்தாலே மாட்டிக்கொள்கிறேன். தேர்வாளர் எப்படி மடக்குவார், எப்படிச் சமாளிப்பது என்று ஒத்திகை மாதிரி யாராவது எழுதிக் காட்ட முடியுமா?

பதில்:

தேர்வாளர் நாற்காலியில் சில காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிரிவை ஒப்பிப்பவரை இரண்டு நிமிடம் பேசவிடுவோம், அப்புறம் ஒரே ஒரு வழக்கை எடுத்து அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி இழுப்போம். என் கையில் இருந்தால் அது, ரோம் சாசனத்தால் உருவான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பெம்பா வழக்குதான். ஒரே ஆள், ஒரே சாட்சியங்கள். 2016 மார்ச்சில் விசாரணை அமர்வின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாகக் குற்றவாளி என்றார்கள், 2018 ஜூனில் மேல்முறையீட்டு அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் விடுதலை செய்தது. அத்தனை நீதிபதிகள் பிரிந்து நின்ற இடத்தில் ஒரு மாணவர் எப்படி நிற்கிறார் என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல களம் கிடையாது.

சம்பவத்தை முதலில் சுருக்கமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜான்-பியேர் பெம்பா காங்கோவின் வடபகுதியில் ஒரு கிளர்ச்சி இயக்கத்தின் தலைவர், அதன் படைக்கும் தலைமைத் தளபதி. பக்கத்து நாடான மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் ஜனாதிபதி பட்டாசே, தன்னைக் கவிழ்க்க வந்த ஜெனரல் பொசிசேயின் ஆட்களை விரட்ட உதவி கேட்டார். 2002 அக்டோபர் இறுதியில் பெம்பாவின் படை உபாங்கி ஆற்றைக் கடந்து பாங்கி நகருக்குள் போனது, சுமார் 1,500 பேர். 2003 மார்ச் வரை அங்கே இருந்தார்கள். அந்த மாதங்களில் அவர்கள் வீடு புகுந்து கொள்ளையடித்தார்கள், கொன்றார்கள், மிகப் பெரிய அளவில் பாலியல் வன்முறையில் ஈடுபட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. களத்தில் தளபதி கர்னல் முஸ்தஃபா. பெம்பா பெரும்பாலும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், காங்கோவின் பாடோலிட்டே நகரில், தன் தலைமையகத்தில்.

சரி, ஆரம்பிக்கலாம்.

தேர்வாளர்: பெம்பா யாரையும் கொல்லச் சொல்லவில்லை. யாரையும் தொடவும் இல்லை. பிறகு எதற்கு வழக்கு?

மாணவர்: செய்யச் சொல்லியிருந்தால் அது 25-ஆம் பிரிவு, சார். 28-ஆம் பிரிவு, தன் படையினரின் குற்றங்களைத் தடுக்கவோ தண்டிக்கவோ கடமையும் சக்தியும் இருந்தும் செய்யாமல் விட்டவருக்கு.

இதில் ஒரு சின்னத் தகவல் தெரிந்திருந்தால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். வழக்குத் தொடுத்த தரப்பு முதலில் பெம்பாவைக் கூட்டுக் குற்றவாளியாகத்தான் நிறுத்தியது. 2009 மார்ச்சில் முன்விசாரணை அமர்வு விசாரணையை ஒத்திவைத்து, இது உண்மையில் 28-ஆம் பிரிவு வழக்கு போலத் தெரிகிறது, குற்றச்சாட்டைத் திருத்துவது பற்றி யோசியுங்கள் என்றது. அந்த ஜூனில் 28-ஆம் பிரிவின்கீழ்க் குற்றச்சாட்டுகள் உறுதியாயின. அதாவது, சேர்ந்து திட்டமிட்டார் என்று காட்ட ஆதாரம் போதவில்லை, அதனால் தடுக்கத் தவறினார் என்ற வழிக்கு வழக்கு வந்தது. நடைமுறையில் கட்டளைப் பொறுப்பு பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது, எழுத்தில் உத்தரவு கிடைக்காத இடத்தில்.

தேர்வாளர்: அப்படியானால் தளபதி என்ற பதவிக்காகத் தண்டிக்கிறோம் என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்வி யமஷிதாவை வெளியே இழுப்பதற்காக வருவது. ஜப்பானிய ஜெனரல் டொமொயுகி யமஷிதா 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸில் பொறுப்பேற்றார். 1945 பிப்ரவரி, மார்ச்சில் மணிலாவில் பொதுமக்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டபோது அவர் வடக்கே மலைப்பகுதியில் இருந்தார். நகரை விட்டு வெளியேறச் சொல்லி அவர் முடிவெடுத்த பிறகும் அங்கே நின்று போரிட்டவை பெரும்பாலும் கடற்படை அட்மிரல் இவாபுச்சியின் கீழ் இருந்த படைகள். தகவல்தொடர்பு அறுந்துபோன தளபதிக்கு என்ன தெரியும், என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்க இராணுவ ஆணையம் தெளிவான பதில் தரவில்லை. 1945 டிசம்பர் 7 அன்று மரண தண்டனை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மர்ஃபியும் ரட்லெட்ஜும் கடுமையாக எதிர்த்து எழுதினார்கள், பலனில்லை. 1946 பிப்ரவரியில் தூக்கு.

மாணவர் இங்கே சொல்ல வேண்டியது: யமஷிதாவில் இருந்த ஆபத்து அதுதான், சார், பதவியே குற்றமாகிவிடும் ஆபத்து. அதற்குப் பிறகு வந்த சட்டமெல்லாம் அந்த ஓட்டையை மூன்று அடைப்புகளால் மூட முயன்றது: நிஜமான கட்டுப்பாடு இருந்ததா, தெரிந்திருந்ததா, கையில் இருந்ததைச் செய்தாரா. இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். யமஷிதா நல்லவரா கெட்டவரா என்ற வாதத்துக்குள் போனால் மணி அடித்துவிடும்.

தேர்வாளர்: கட்டுப்பாடா? படை வேறு நாட்டில், வேறு ஜனாதிபதிக்காகச் சண்டை போடுகிறது. அந்த நாட்டு இராணுவம் வழி காட்டுகிறது, வண்டி கொடுக்கிறது. கட்டுப்பாடு பட்டாசேயிடம் இல்லையா?

திணறினால் இங்கேதான் திணறுவார்கள், ஏனென்றால் புத்தகத்தில் கட்டுப்பாடு என்பது ஒரு ஆளிடம் மட்டும் இருக்கும் சொத்து போல எழுதியிருக்கும். அப்படிச் சட்டம் கேட்பதில்லை. யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் செலெபிச்சி வழக்கிலிருந்து வரும் அளவுகோல், கீழே இருப்பவர் குற்றம் செய்வதைத் தடுக்கவோ செய்தவரைத் தண்டிக்கவோ நடைமுறையில் இவரால் முடியுமா என்பது. இதைத்தான் எஃபெக்டிவ் கண்ட்ரோல் என்கிறோம். ஒரே படைமீது இரண்டு பேருக்கு அந்தச் சக்தி இருக்கலாம், இரண்டு பேருமே பொறுப்பாகலாம். பெம்பா விஷயத்தில் விசாரணை அமர்வு எதைப் பார்த்தது? படையை அனுப்பியது அவர், களத் தளபதியை நியமித்தது அவர், நீக்க முடிந்தது அவரால். ரேடியோவிலும் செயற்கைக்கோள் தொலைபேசியிலும் களத்தோடு தொடர்பில் இருந்தார். தவறு செய்தவர்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் அவர் இயக்கத்திடமே இருந்தது. 2003 மார்ச்சில் திரும்பி வா என்றார், வந்துவிட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் மறுபடி தேவைப்படும்.

தேர்வாளர்: செல்வாக்கு இருந்தால் போதாதா? ஊரில் எல்லோரும் ஒருவர் பேச்சைக் கேட்கிறார்கள் என்று வையுங்கள்.

போதாது. செலெபிச்சியிலேயே இதற்கு இரண்டு முனைகளும் இருக்கின்றன. செலெபிச்சி சிறை முகாமுக்குக் காகிதத்தில் தெளிவான நியமனம் இல்லாத முச்சிச், நடைமுறையில் முகாமை நடத்தியவர் என்பதால் குற்றவாளி. பெரிய செல்வாக்கும் ஒருங்கிணைப்பாளர் என்ற பட்டமும் இருந்த டெலாலிச், முகாமின்மேல் கட்டளை அதிகாரம் நிரூபணமாகாததால் விடுதலை. 2001-இல் மேல்முறையீட்டிலும் இந்தக் கோடு அப்படியே நின்றது. இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொன்னால் தேர்வாளர் இந்தப் பகுதியை விட்டு நகர்ந்துவிடுவார்.

அடுத்தது அறிவு. இங்கே பலரும் 28-ஆம் பிரிவில் உள்ள "தெரிந்திருக்க வேண்டும்" என்ற வாசகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். தேர்வாளர் உடனே கேட்பார்: யூகோஸ்லாவியத் தீர்ப்பாயமும் இதையேதான் சொன்னதா? சொல்லவில்லை. அங்கே தளபதியின் கைக்கு எட்டிய தகவல் ஏதாவது அவரை உஷார்ப்படுத்தும் அளவுக்கு இருந்ததா என்று கேட்டார்கள். தகவலைத் தேடிப் போகும் கடமையை மீறியதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க மறுத்தார்கள். ரோம் சாசனம் இராணுவத் தளபதிக்கு ஒரு படி கடுமையானது. 2009-இல் முன்விசாரணை அமர்வு, தகவலைப் பெறத் தளபதியே முயற்சி எடுக்க வேண்டும் என்ற அளவுக்குப் போனது. ஆனால் இதை வைத்து நீண்ட உரை நிகழ்த்தாதீர்கள். 2016 தீர்ப்பு பெம்பாவுக்கு உண்மையிலேயே தெரியும் என்று முடிவு செய்துவிட்டது, ஆகவே இந்த வேறுபாடு அந்த வழக்கில் சோதிக்கப்படவே இல்லை.

தேர்வாளர்: வானொலியில் கேட்டதெல்லாம் அறிவாகிவிடுமா?

ஆர்.எஃப்.ஐ. என்ற பிரெஞ்சு வானொலி அந்த நாட்களில் பாங்கியிலிருந்து வந்த புகார்களைத் தொடர்ந்து ஒலிபரப்பியது உண்மை. அது மட்டும் இருந்தால் தளபதி "எதிரியின் பிரசாரம் என்று நினைத்தேன்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். பெம்பாவால் முடியவில்லை, காரணம் அவரே காட்டிய எதிர்வினைகள். நவம்பர் ஆரம்பத்தில் பாங்கிக்குப் போய், பி.கே.12 என்ற இடத்தில் தன் படையினர் முன் நின்று நடத்தை பற்றி எச்சரித்தார். விசாரணைக்கு உத்தரவிட்டார். ஐ.நா. பிரதிநிதி ஜெனரல் சிஸ்ஸேவுக்கும், பிறகு மனித உரிமை அமைப்பான எஃப்.ஐ.டி.எச்.-சின் தலைவருக்கும் கடிதம் எழுதினார். தெரியாத விஷயத்துக்கு யாரும் விசாரணைக் குழு போடுவதில்லை.

இங்கே ஒரு கொக்கி இருக்கிறது, நல்ல தேர்வாளர் கண்டிப்பாக மாட்டுவார்: அப்படியானால் நடவடிக்கை எடுத்த தளபதி தன் கையாலேயே தனக்கு எதிரான சாட்சியத்தை உண்டாக்குகிறாரா? எதுவுமே செய்யாமல், எதையும் எழுதாமல் இருந்தவருக்குத்தான் லாபமா? பதில்: நடவடிக்கை அறிவை நிரூபிக்கும், அது உண்மை. ஆனால் அதே நடவடிக்கை, கையில் இருந்ததைச் செய்தாரா என்ற மூன்றாவது கூறில் அவருக்குக் கேடயம். ஒன்றும் செய்யாதவருக்கு அந்தக் கேடயமே இல்லை, தெரிந்திருக்க வேண்டும் என்ற வாசகமும் அவரைத் துரத்தும். பெம்பா கடைசியில் வெளியே வந்தது அந்தக் கேடயத்தால்தான்.

இனி வைவாவின் நடுப்பகுதி. இதற்கு நேரம் எடுத்துத் தயார் செய்யுங்கள்.

தேர்வாளர்: தேவையான, நியாயமான எல்லா நடவடிக்கையும் என்று சட்டம் சொல்கிறது. பெம்பா என்ன செய்தார், அது ஏன் போதவில்லை?

செய்தவற்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள், பொதுவாகப் பேசாதீர்கள். முதல் நாட்களின் கொள்ளை பற்றி கர்னல் மொண்டொங்கா தலைமையில் ஒரு விசாரணை. அதைத் தொடர்ந்து பாடோலிட்டேயில் இராணுவ நீதிமன்றத்தில் 7 படையினர்மீது வழக்கு, அதுவும் சிறு மதிப்புள்ள பொருட்களைத் திருடியதற்காக. டிசம்பர் இறுதியில் ஆற்றின் காங்கோ பக்கம் உள்ள ஸோங்கோவுக்கு ஒரு குழு, கொள்ளையடித்த பொருள் ஆற்றைக் கடந்து வந்ததா என்று பார்க்க. பிப்ரவரியில் சிபுத் என்ற ஊருக்குப் பத்திரிகையாளர்களோடு ஒரு பயணம். நடுவே மேலே சொன்ன உரையும் கடிதங்களும்.

விசாரணை அமர்வு இதையெல்லாம் பார்த்துவிட்டு, அளவில் சிறியவை, குற்றங்களின் பரப்புக்கு ஈடில்லாதவை, பாதியும் இயக்கத்தின் பெயரைக் காப்பாற்றச் செய்தவை என்றது. கொலையும் பாலியல் வன்முறையும் பற்றிக் குற்றச்சாட்டு குவிந்திருக்கும்போது திருட்டுக்கு 7 பேரை நிறுத்துவது எப்படிப் போதும் என்பது அதன் வாதத்தின் சாரம். படையினருக்குச் சரியான பயிற்சி, தெளிவான உத்தரவு, மேற்பார்வை, உண்மையான விசாரணை, பொறுப்பான அதிகாரிகளை மாற்றுவது, படையை இடம் மாற்றுவது, கடைசியில் திரும்ப அழைப்பது என்று அவர் செய்திருக்கக்கூடியவற்றை அடுக்கியது. 18 ஆண்டு சிறை விதித்தது.

தேர்வாளர்: மேல்முறையீட்டில் இதில் எது உடைந்தது?

இங்கே "நடவடிக்கை போதும் என்று சொல்லி விடுவித்தார்கள்" என்று மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண்தான். பெரும்பான்மை சொன்னது வேறு. தளபதி கற்பனைக்கு எட்டிய எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை, அந்த நேரத்தில் அவருக்கு நியாயமாக முடிந்ததைச் செய்ய வேண்டும். பிறகு நடந்ததையெல்லாம் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து பார்த்து, இதையும் செய்திருக்கலாமே என்று பட்டியல் போடுவது நீதிமன்றத்துக்குச் சுலபம். அதனால் இந்த ஆள், இந்த இடத்தில், இந்த நாளில், குறிப்பாக எதைச் செய்திருக்க வேண்டும் என்று விசாரணை அமர்வு காட்ட வேண்டியிருந்தது, காட்டவில்லை என்றார்கள்.

அதற்குள் சில தனிப் பிழைகளையும் எடுத்தார்கள், இவற்றில் இரண்டையாவது நினைவில் வையுங்கள். ஒன்று, அந்நிய மண்ணில் இருக்கும் படையைத் தூரத்திலிருந்து விசாரிப்பதில் உள்ள நடைமுறைக் கஷ்டத்தை விசாரணை அமர்வு கணக்கில் எடுக்கவில்லை. சாட்சிகள் அந்த நாட்டுக்காரர்கள், சம்பவ இடங்கள் அந்த நாட்டில், அந்த நாட்டு அதிகாரிகளின் தயவு வேண்டும். அந்நாட்டுப் பிரதமருக்கு இதுபற்றிக் கடிதம் எழுதியதாக பெம்பா தரப்பு சொன்னதையும் தீர்ப்பு சரியாக எதிர்கொள்ளவில்லை. இரண்டு, பெயரைக் காப்பாற்றும் நோக்கமும் கலந்திருந்தது என்பதாலேயே ஒரு நடவடிக்கை போலியாகிவிடாது. தன் படைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்பதற்காகவே ஒரு தளபதி தவறு செய்தவனைத் தண்டித்தாலும் தண்டனை தண்டனைதான். மூன்றாவதாக, நடவடிக்கைக்கும் குற்றங்களின் அளவுக்கும் பொருத்தமில்லை என்று சொல்வதானால், அளவு என்ன என்று முதலில் நிறுவியிருக்க வேண்டும். படையை இடம் மாற்றியிருக்கலாம் என்ற வாதம் பற்றி பெம்பாவுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்படவில்லை என்பதும் இருந்தது. தவிர, உறுதிசெய்யப்பட்ட குற்றச்சாட்டுகளின் வரம்புக்கு வெளியே இருந்த சில சம்பவங்களுக்கும் அவர் தண்டிக்கப்பட்டிருந்தார், அது தனிப் பிழை.

எதிர்த்து எழுதிய மொனகெங், ஹோஃப்மான்ஸ்கி இருவரும், விசாரணை அமர்வு பார்த்த உண்மைகளை மேல்முறையீட்டு அமர்வு புதிதாக எடைபோடக் கூடாது, தீர்ப்பு நிற்க வேண்டும் என்றார்கள். இந்த வேறுபாடு முக்கியம். பிளவின் பெரும்பகுதி, மேல்முறையீட்டு நீதிமன்றம் எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்பதைப் பற்றியது. "பெம்பா தீர்ப்பு கட்டளைப் பொறுப்பையே கொன்றுவிட்டது" என்று சிலர் எழுதுவதை வைவாவில் ஒப்பிக்காதீர்கள். அது அப்படி ஒன்றும் கொல்லவில்லை.

தேர்வாளர்: சரி. அவர் தவறியதால்தான் குற்றம் நடந்தது என்று காட்ட வேண்டுமா?

இது காரண-காரியக் கேள்வி, இந்தத் தாளிலேயே கடினமானது. 28-ஆம் பிரிவில் படையைச் சரியாகக் கட்டுப்படுத்தத் தவறியதன் விளைவாக என்ற வாசகம் இருக்கிறது. யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் சாசனத்தில் அப்படி இல்லை, அங்கே காரணத் தொடர்பைக் கேட்கவும் மறுத்தார்கள். ரோம் சாசனத்தில் அந்த வாசகத்தை ஒதுக்கிவிட முடியாது. எவ்வளவு நெருக்கமான தொடர்பு என்பதில்தான் சண்டை. 2016 தீர்ப்பு, தளபதி சரியாகக் கட்டுப்படுத்தியிருந்தால் அந்தக் குற்றங்கள் அந்தச் சூழ்நிலையில் நடந்திருக்காது என்று காட்டினால் போதும் என்றது. அந்த அளவுகோலே சட்டம் கேட்பதைவிடக் கறாரானது என்றும் சொன்னது, ஆனால் குறைந்தபட்சம் எது தேவை என்ற விவாதத்தில் நீளமாக இறங்கவில்லை. மேல்முறையீட்டுப் பெரும்பான்மை நடவடிக்கைகள் என்ற கூறிலேயே வழக்கை முடித்துவிட்டதால் இந்தக் கேள்வியைத் தீர்க்கவில்லை. ஆக, இதில் முடிந்த முடிவு இருப்பதாகப் பேசாதீர்கள்.

தேர்வாளர்: தண்டிக்கத் தவறுவது எப்படி ஏற்கெனவே நடந்த குற்றத்துக்குக் காரணமாக முடியும்? காலம் பின்னால் ஓடுமா?

நான் பார்த்தவரை, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்களும் இங்கே வாயடைத்துப் போவார்கள். பதில் இரண்டு படி. முதல் படி, ஒப்புக்கொள்ளுங்கள்: முடியாது, சார். நேற்று நடந்த கொலைக்கு இன்று தண்டிக்காதது காரணமாகாது. இரண்டாவது படி, 2009-இல் முன்விசாரணை அமர்வு எடுத்த வழி: காரணத் தொடர்பு தடுக்கும் கடமையோடுதான் நேரடியாகப் பொருந்தும். ஆனால் தண்டிக்காமல் விடுவது தடுக்காமல் விடுவதும்தான், அடுத்த குற்றத்துக்கான ஆபத்து அதனால் கூடுகிறது. பாங்கியில் நவம்பரில் கொள்ளையடித்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த படைதான் பிறகு வடக்கே நகர்ந்து ஊர் ஊராகப் போனது. எனவே நவம்பர்க் குற்றத்தைத் தண்டிக்காதது பிப்ரவரிக் குற்றத்தோடு சேர்ந்து நிற்கிறது, நவம்பர்க் குற்றத்தோடு அல்ல.

இதைச் சொன்னதும் தேர்வாளர் சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுப்பார்: அப்படியானால் படை கடைசி நாளில் ஒரே ஒரு கொலையைச் செய்துவிட்டுத் திரும்பியது, தளபதி தண்டிக்கவே இல்லை, அவருக்கு முன்கூட்டித் தெரியவும் வழியில்லை. ரோம் சாசனத்தின்கீழ் அவர் தப்பிக்கிறாரா? இதற்கு நேர்மையான பதில், வாசகத்தைக் கறாராகப் படித்தால் தப்பிக்கும் வாய்ப்பு இருக்கிறது, அதனால்தான் சில நீதிபதிகளும் எழுத்தாளர்களும் அந்த வாசகத்தைத் தடுக்கும் கடமைக்கு மட்டும் என்று ஒதுக்கிப் படிக்கிறார்கள் என்பதுதான். தண்டிக்கும் கடமையைச் சட்டம் தனியாக எழுதியிருக்கிறது, அதை முழுக்க வெறுமையாக்கும் பொருள்கோடல் சரியாக இருக்க முடியாது என்று உங்கள் கருத்தையும் சேர்க்கலாம். என் கருத்தும் அதுதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் வரும். புதிதாகப் பொறுப்பேற்ற தளபதி, தனக்கு முன்பு இருந்தவர் காலத்தில் நடந்த குற்றத்தைத் தண்டிக்கவில்லை, அவர் பொறுப்பா? ஹட்ஜிஹசனோவிச் வழக்கில் 2003-இல் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு இல்லை என்றது, குற்றம் நடந்தபோது கட்டளை உறவு இருந்திருக்க வேண்டும் என்று, அதுவும் மூன்றுக்கு இரண்டுதான். எதிர்த்தவர்களின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது: குற்றவாளிகள் அவர் கையில் இருக்கிறார்கள், தெரிந்தும் விட்டுவிடுகிறார், பதவி மாறிய தேதி ஏன் அவரைக் காப்பாற்ற வேண்டும்? ஆனால் வைவாவில் முதலில் தீர்ப்பைச் சொல்லுங்கள், அப்புறம் உங்கள் அபிப்பிராயம்.

சிவில் மேலதிகாரிகள் பற்றி ஒரு கேள்வி எப்போதும் வரும், சுருக்கமாக முடித்துவிடலாம். 28-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி அவர்களுக்கு. அங்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது போதாது, உண்மையிலேயே தெரியும் என்றோ, தெளிவாகச் சுட்டிக்காட்டிய தகவலை வேண்டுமென்றே ஒதுக்கினார் என்றோ காட்ட வேண்டும், குற்றமும் அவருடைய பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருந்த வேலைகளோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். உதாரணம் கேட்டால், ரோம் சாசனத்துக்கு வெளியே ருவாண்டாத் தீர்ப்பாயத்தின் முசேமா வழக்கு நல்லது. கிசோவு தேயிலைத் தொழிற்சாலையின் இயக்குநர், தன் ஊழியர்கள் செய்த படுகொலைகளுக்கு மேலதிகாரி என்ற முறையிலும் பொறுப்பாக்கப்பட்டவர். வேலைக்கு எடுக்கவும் நீக்கவும் முடிந்த அதிகாரம் அங்கே கட்டுப்பாட்டுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

தேர்வாளர்: கடைசிக் கேள்வி. நீங்கள் 2018-இல் அந்த அமர்வில் உட்கார்ந்திருந்தால்?

இதற்கு இரண்டு பக்கமும் நியாயம் என்று மழுப்புபவருக்கு நான் மதிப்பெண் கொடுக்கமாட்டேன். ஒரு பக்கம் நிற்க வேண்டும், எதிர்ப்பக்கத்தின் பலமான வாதத்தை முதலில் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். நான் சொல்வதானால் இப்படி இருக்கும்: குறிப்பாக என்ன செய்திருக்க வேண்டும் என்று காட்டு என்ற பெரும்பான்மையின் கோரிக்கை சரி, அது இல்லாவிட்டால் மறுபடி யமஷிதாவில்தான் போய் நிற்போம். ஆனால் அந்தக் கோரிக்கையைப் பெம்பாவின் உண்மைகளின்மேல் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்காமல் போகவில்லை. பாலியல் வன்முறைப் புகார்கள் வந்தபோது மொண்டொங்கா விசாரணையின் வரம்பைக் கொள்ளையோடு நிறுத்தாமல் அதற்கும் விரித்திருக்கலாம். அதற்கு அந்நிய மண்ணுக்குப் போக வேண்டிய அவசியம்கூட ஓரளவுக்குத்தான், ஏனென்றால் குற்றம் சாட்டப்பட்டவர்களும் அவர்களின் அதிகாரிகளும் அவருடைய ஆட்கள், அவருடைய ரேடியோ அழைப்பில் இருப்பவர்கள். முஸ்தஃபாவைக் களத்திலிருந்து மாற்றியிருக்கலாம். அதைச் செய்யும் அதிகாரம் அவரிடம் இருந்தது என்பதில் விசாரணை அமர்வு தெளிவாக இருந்தது.

உடனே தேர்வாளர் திருப்பிக் கேட்பார்: முஸ்தஃபாவை மாற்றினால் சண்டை நடுவில் படை சிதறாதா, தளபதிக்கு இராணுவத் தேவையையும் எடைபோடும் உரிமை இல்லையா? இருக்கிறது. நியாயமான என்ற சொல் அதற்காகத்தான் இருக்கிறது. அதனால்தான் முதலில் கேட்க வேண்டியது மாற்றுவதை அல்ல, விசாரணையின் வரம்பை. அதற்குப் படை சிதறவேண்டிய அவசியம் இல்லை, ஒரு உத்தரவும் நம்பகமான இரண்டு அதிகாரிகளும் போதும். அதுவும் முடியாது என்று அவர் சொன்னால், மார்ச்சில் திரும்பி வா என்ற ஒரே உத்தரவில் 1,500 பேர் ஆற்றைக் கடந்து வந்த கதையை அப்போது எடுங்கள்: ஐந்து மாதம் அவர் பேச்சு களத்தில் எடுபடவில்லை என்று சொல்ல அது இடம் தராது.